கல்யாண வாரமும் எடை மெஷினும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. டயட்டீஷியனும் இல்லை. பி.காம். படித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். "காலையில் நடக்கும்போது எல்லோரிடமும் சொல்கிறீர்களே, அதையே மைக்கில் சொல்லுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால் நிற்கிறேன். தீபாவளி வருகிறது, அதை ஒட்டி ஐப்பசி முகூர்த்தங்களும் வருகின்றன. இப்படி ஒரு வாரத்தில் நான் ஒரு முறை தோற்றேன், அடுத்த முறை தப்பித்தேன். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் தோற்ற கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால் 82 கிலோ இருந்தேன். சர்க்கரையும் உண்டு. ஜனவரியில் நடக்க ஆரம்பித்து, இரவு சாதத்தை நிறுத்தி, தீபாவளிக்குள் 76 கிலோவுக்கு வந்துவிட்டேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 8.2-லிருந்து 6.8 ஆனது. அந்த நேரம் பார்த்து ஒரே வாரத்தில் தீபாவளி, அண்ணன் பேத்தி கல்யாணம் இரண்டும் வந்தன. கல்யாணம் முடிந்த மறுநாள் மெஷினில் ஏறினேன். 78.3. மாதக்கணக்கில் கஷ்டப்பட்டு இறக்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆறே நாளில் போய்விட்டது என்று நினைத்தேன். "சரி, பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று நடையையும் விட்டேன், இரவு சாதமும் திரும்பி வந்தது. பொங்கலன்று 81 கிலோ.

அந்த 2.3 கிலோவை அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன். ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும். 2.3 கிலோவுக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம். ஆறு நாளுக்கு வகுத்தால் நாளுக்கு மூவாயிரம் கலோரி, அதுவும் வழக்கமான சாப்பாட்டுக்கு மேலே. நூறு கிராம் முறுக்கில் சுமார் ஐந்நூறு கலோரி என்று வைத்துக்கொண்டால், மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத் தினமும் அரைக் கிலோவுக்கு மேல் முறுக்கு தின்றிருக்க வேண்டும். நான் சாப்பாட்டுப் பிரியன்தான், ஆனால் அவ்வளவு இல்லை.

அப்படியென்றால் மெஷின் காட்டியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். சாதமும் இனிப்பும் அதிகமாகச் சாப்பிடும்போது உடம்பு அந்த மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் சேமிக்கிறது. அப்படிச் சேமிக்கும் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். அப்பளம், ஊறுகாய், மிக்சர் இவற்றில் இருக்கும் உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வயிற்றில் இன்னும் செரிக்காமல் இருக்கும் சாப்பாட்டுக்கும் எடை உண்டு. வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கணக்கில் போடுவது என்று முடிவாகாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். அந்த 2.3 கிலோவில் பெரும்பகுதி அந்த மாதிரி. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் சில நாளில் தானாக இறங்கும். உண்மையான கொழுப்பு கால் கிலோ, அரைக் கிலோ ஏறியிருக்கலாம். என்னை ஏமாற்றியது கல்யாணச் சாப்பாடு இல்லை, அதற்குப் பிறகு கைவிட்ட இரண்டரை மாதம்.

இனி தப்பித்த கதை. போன வருடம் மறுபடியும் இறக்கி 75.4-ல் இருந்தேன். திங்கட்கிழமை தீபாவளி, வியாழன் மாலை மைத்துனர் மகளின் ரிசப்ஷன், வெள்ளி காலை முகூர்த்தம், ஞாயிறு மறுவீட்டு விருந்து. காலண்டரை எடுத்து ஏழு நாளுக்கு இருபத்தொரு வேளை என்று எழுதினேன். உண்மையிலேயே விருந்து எத்தனை வேளை என்று எண்ணினால் ஆறுதான் வந்தது. தீபாவளி காலை, மதியம், ரிசப்ஷன் இரவு, முகூர்த்தத்தன்று காலை டிபன், மதிய இலை, மறுவீடு. மீதி பதினைந்து வேளையும் நம் வீட்டுச் சமையலறையில், நம் கையில். விருந்து வாரம் என்று நாம் சொல்லும்போது அந்தப் பதினைந்தையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம்.

அந்தப் பதினைந்து வேளையைக் கெடுப்பது எது தெரியுமா? டப்பா. போன தீபாவளிக்கு நம் பிளாக்கிலிருந்து மட்டும் பதினொரு வீட்டுத் தட்டு வந்தது. என் பெண் அனுப்பியது, கடைப் பெட்டி எல்லாம் சேர்த்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். நாலே முக்கால் கிலோ. வீட்டில் இருப்பது இரண்டு பேர். இலையில் உட்கார்ந்து சாப்பிடும்போது எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியும். டிவி பார்த்துக்கொண்டு டப்பாவில் கை விடும்போது தெரியாது. அதனால் தீபாவளியன்று ஒவ்வொன்றிலும் பிடித்ததை ஒரு வாய் ருசி பார்த்தோம். அன்று சாயங்காலமே, பலகாரம் புதிதாக இருக்கும்போதே, முக்கால் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். நாலு நாள் கழித்து எண்ணெய் வாடை வந்த பிறகு கொடுப்பது மரியாதை இல்லை. மீதியைப் பரணில் ஏற்றினேன். எடுக்க ஸ்டூல் போட வேண்டும், ஸ்டூல் போட்டால் மனைவி பார்ப்பாள்.

இதில் ஒரு சின்ன விஷயம். தீபாவளி லேகியம் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செரிமானத்துக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் அதிலும் வெல்லமும் நெய்யும்தான் இருக்கிறது. அதைச் செலவுப் பக்கத்தில்தான் எழுத வேண்டும், வரவுப் பக்கத்தில் இல்லை.

ரிசப்ஷனுக்கு வருகிறேன். அழைப்பிதழில் ஆறரை மணி என்று போட்டிருக்கும். மேடையில் வரிசையில் நின்று, போட்டோ எடுத்து, டைனிங் ஹாலில் இடம் கிடைக்க ஒன்பதரை ஆகும். அந்தப் பசியோடு போனால் யாராலும் நிதானமாக எடுக்க முடியாது. கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் சாப்பிட்டேன். அங்கே போய்த் தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று எல்லா கவுண்டரையும் பார்த்தேன். வீட்டிலேயே கிடைக்கும் இட்லி, தோசையை விட்டுவிட்டு, கிடைக்காத இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முகூர்த்தச் சாப்பாட்டில் நுணுக்கம் இலையில்தான் இருக்கிறது. பச்சடி, பொரியல், கூட்டு, அவியல், வடை, இனிப்பு எல்லாம் பரிமாறிவிட்டு, சாதம் வர ஐந்து நிமிடமாவது ஆகும். கவனித்துப் பாருங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் நம் கை முதலில் இனிப்புக்கும் வடைக்கும்தான் போகும். நான் அந்த நேரத்தில் பொரியலையும் கூட்டையும் முடித்தேன். காயை முதலில் சாப்பிட்டு, சாதத்தையும் இனிப்பையும் பின்னால் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். வயிறும் கொஞ்சம் நிறைந்துவிடும். சாதம் வந்ததும் ஒரே தடவை வாங்கி, இலையிலேயே மூன்றாகப் பிரித்து வைத்தேன். சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்கினால் மூன்று மடங்காகிவிடும். பருப்புக்கு மட்டும் நெய் விட்டுக்கொண்டேன். ஒரு டேபிள்ஸ்பூன் நெய்யே சுமார் 120 கலோரி. இனிப்பா பாயசமா என்று முன்பே முடிவு செய்து, பாயசம் என்று வைத்துக்கொண்டேன். ஜாங்கிரியை வைக்க வரும்போதே கையை நீட்டி மறித்தால்தான் உண்டு. இலையில் விழுந்தபின் வீணாக்க மனசு வராது.

சாப்பிட்டு முடித்ததும் நாற்காலியில் சாயாமல், தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்று, வருபவர்களை வாசல் வரை வழியனுப்பினேன். கால் மணி நேரம் இப்படி நடந்தாலே தசைகள் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். மைத்துனருக்கு ஒரு ஆள் மிச்சம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தோற்ற வருடத்தில் இதையும் செய்தேன். மதியம் பெரிய சாப்பாடு என்று காலை டிபனை விட்டேன், மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன். பந்தி பன்னிரண்டரைக்குத்தான். பதினொன்றரைக்கே வியர்த்து, கை நடுங்கி, எதிரில் பேசுபவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. சர்க்கரை தாழ்ந்துவிட்டது. யாரோ மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள், பத்து பதினைந்து நிமிடத்தில் சரியானது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிடாமல் இருந்தாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வேளையைத் தள்ளாதீர்கள். இனிப்பு சாப்பிட்டோம் என்று நீங்களாகவே மாத்திரையைக் கூட்டவும் செய்யாதீர்கள். வாரம் ஆரம்பிக்கும் முன் உங்கள் டாக்டரிடம் நேரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை, இதய பலவீனம் உள்ளவர்களுக்கு உப்பும் தண்ணீரும் வேறு கணக்கு. நான் சொன்ன "தானாக இறங்கும்" என்பது அவர்களுக்குப் பொருந்தாது. கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது.

மறுவீட்டில் தோற்றேன். மைத்துனர் மனைவி, "அண்ணா, என் கையால் செய்தது, ஒன்றே ஒன்று" என்று மூன்று போளி வைத்துவிட்டாள். மூன்றையும் சாப்பிட்டேன். அதற்காக மறுநாள் பட்டினி கிடக்கவில்லை. திங்கள் காலை வழக்கம்போல 5:45-க்கு நடை, மதியம் வழக்கமான சாப்பாடு.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். திங்கள் காலை 76.9. போன முறை மாதிரி பதறவில்லை, டைரியில் எழுதிவிட்டு மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெள்ளியன்று 75.9. அதற்கடுத்த வெள்ளி 75.5. பொங்கலன்று 74.8.

இந்த வருடமும் தட்டு பரிமாறத்தான் போகிறோம். எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பேருக்கு இரண்டு துண்டு வைத்தால் போதும். நாங்களும் அப்படித்தான் அனுப்பப் போகிறோம், கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். மிக்சர் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம், அது என் மனைவிக்கு.