பொருள் என்ற ஒரு வரி
(வட்டார அளவிலான தமிழாசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசையில் அலுவலகக் கடிதம் எழுத நாம்தான் கற்றுத் தருகிறோம். அந்த மாணவர் கல்லூரிக்குப் போன பின், உள்ளகப் பயிற்சி கேட்டு ஒரு நிறுவனத்தின் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போதும் அதே வரிசையில்தான் எழுதுகிறார். அங்கேதான் சிக்கல்.

தாளில் முகவரி எழுதாவிட்டால் யார் எழுதியது என்று தெரியாது. மின்னஞ்சலில் அனுப்புபவர் முகவரியும் தேதியும் தாமாகவே வந்துவிடும். மாணவரோ முகவரிகளையே முதல் எட்டு வரிகளில் எழுதுகிறார். ‘பொருள்’ என்பதையும் கடிதத்துக்குள்ளேயே எழுதிவிட்டு, அதற்கென உள்ள கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். துறைத் தலைவரின் கைபேசியில் தெரிவது தலைப்பில்லாத ஓர் அஞ்சலும் ஒரு கதவு எண்ணும்தான். அதைத் திறக்காமலேயே அவர் அடுத்ததற்குப் போய்விடலாம்.

திறந்தாலும், “தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்” என்று மட்டும் இருந்தால் அவரால் முடிவெடுக்க இயலாது. எந்தத் தேதிகளில்? எந்தப் பிரிவில்? கல்லூரி அனுமதி உண்டா? இவற்றைக் கேட்டு எழுத அவருக்கு நேரமிருக்காது.

கோவையில் பம்பு தயாரிக்கும் ஓர் ஆலையின் பராமரிப்புத் துறைத் தலைவருக்கு, இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பொருள் கட்டத்தில், “ஜூன் 2 முதல் 27 வரை உள்ளகப் பயிற்சி – இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவி” என்று எழுதலாம். உள்ளே இவ்வளவு போதும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவி. ஜூன் 2 முதல் 27 வரை நான்கு வாரங்கள் தங்கள் பராமரிப்புப் பிரிவில் ஊதியமின்றிப் பயிற்சி பெற விரும்புகிறேன். கல்லூரிப் பணிமனையில் மையவிலக்குப் பம்பைப் பிரித்து, தேய்ந்த பேரிங்கை மாற்றிப் பொருத்தியிருக்கிறேன். பேரிங் ஏன் விரைவில் தேய்கிறது என்பதை ஆலையில் கண்டறிய ஆவல். கல்லூரியின் அனுமதிக் கடிதத்தையும் தன்விவரத்தையும் இணைத்துள்ளேன். இடமிருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கீழே பெயர், கல்லூரி, கைபேசி எண். இதைத் துறைத் தலைவர் அப்படியே மனிதவளப் பிரிவுக்கு அனுப்பி, “சேர்த்துக்கொள்ளலாமா?” என்று ஒரே வரியில் கேட்டுவிட முடியும். பேரிங் பற்றிய அந்த வரியை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றாமல் அனுப்ப முடியாது. இருபது நிறுவனங்களுக்கு ஒரே அஞ்சலை அனுப்பவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒரு வாரம் பதில் வராவிட்டால், புதிதாக எழுதாமல் அதே அஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் நினைவூட்டலாம். பழைய விவரங்கள் கீழேயே இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் கடிதம் நடத்தும்போது, அதே கடிதத்தை மின்னஞ்சலாக மாற்றி எழுதும் பயிற்சியையும் சேர்ப்போம். எதை நீக்குவது, பொருளை எங்கே வைப்பது என்று மாணவர்களே சொல்லட்டும்.