எட்டு, கட்டு, சுற்று



இராமன் தர்ப்பையில் கிடந்து கடலரசனுக்காக மூன்று நாள் காத்திருந்ததாகச் சொல்லும் ஊர் இது. கணினியில் பயிற்சியை ஓடவிட்டுவிட்டு இரவு பகலாகக் காத்துக் கிடக்கும் நமக்குப் பொருத்தமான ஊர்தான். கருத்தரங்கின் பெருமையை வரவேற்புரையிலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தமிழ்க் கையெழுத்தைக் கணினிக்குப் படிக்கக் கற்றுத்தருவது பற்றி இன்று படிக்கவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களைப் பார்த்தேன். துல்லியம் எத்தனை விழுக்காடு என்பது எல்லாவற்றிலும் இருக்கிறது. எவ்வளவு பெரிய எட்டு வைத்தீர்கள், எழுத்துகளை எத்தனை எத்தனையாகக் கட்டிக் கொடுத்தீர்கள், எத்தனை சுற்றுப் படிக்க வைத்தீர்கள் என்பது பலவற்றில் இல்லை. லேர்னிங் ரேட், பேட்ச், எபாக் என்று நாம் அன்றாடம் சொல்லும் மூன்றும் இவைதான். நான் எட்டு என்பது காலடியை, எண்ணை அல்ல.

எச்.பி. லேப்ஸ் இந்தியா வெளியிட்ட தமிழ்க் கையெழுத்துத் தொகுப்பு உங்களில் பலருக்குப் பழக்கம். 2006இல் ஒரு போட்டிக்கே அது பயன்பட்டது. தமிழெழுத்து 247 என்றாலும் அந்தத் தொகுப்பில் 156 வடிவங்கள்தான். 'கொ' என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று பிரித்துக்கொண்டால் தனி வடிவம் வேண்டியதில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, நம்மிடம் 50,000 எழுத்துப் படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒன்றும் தெரியாத வலையமைப்பு 156 வடிவங்களுக்கும் சமமான வாய்ப்புத் தரும். அப்போது அதன் இழப்பு 156இன் இயற்கை மடக்கை, அதாவது ஏறத்தாழ 5.05. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று முடிந்தும் இழப்பு 5.05இலேயே நின்றால் வலையமைப்பு இன்னும் எதையும் கற்கவில்லை. தொடக்கத்திலேயே 20, 30 என்று காட்டினால் பயிற்சிக்கு முன்பே எங்கோ பிழை.

முதலில் எட்டு. இழப்பை ஒரு பள்ளமாக நினையுங்கள். நிற்கும் இடத்தின் சரிவைப் பார்த்து, அதை எட்டின் அளவால் பெருக்கி, அவ்வளவு தூரம் கீழே இறங்குகிறோம். பள்ளத்தின் ஆழம் x² என்றால் சரிவு 2x. 10இல் நிற்கிறோம், சரிவு 20. எட்டு 0.1 என்றால் 2 அலகு நகர்ந்து 8க்கு வருவோம். அடுத்து 6.4, பிறகு 5.12. ஒழுங்கான இறக்கம். எட்டு 0.01 என்றால் 9.8, 9.604 என்று ஊர்வோம். 0.9 என்றால் பள்ளத்தைத் தாண்டி எதிர்க்கரையில் −8க்குப் போய், மறுபடி இந்தப் பக்கம் 6.4க்கு வருவோம். தள்ளாட்டம்தான், ஆனால் இறங்குகிறோம். 1.1 வைத்தால் 10இலிருந்து −12, 14.4, −17.28. ஒவ்வொரு எட்டிலும் பள்ளத்தை விட்டு மேலே ஏறுகிறோம். இதன் முடிவில்தான் திரையில் `nan` வருகிறது.

உண்மையான பள்ளம் இப்படி ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு திசையில் கிணற்றுச் சுவர்போலச் செங்குத்து, மற்றொரு திசையில் கண்மாய்த் தரைபோல மெல்லிய சாய்வு. செங்குத்தான திசை எட்டைச் சிறிதாக்கச் சொல்கிறது. சாய்வான திசையில் அதே சிறிய எட்டால் நாள் கணக்காக நடக்க வேண்டியிருக்கிறது. பெரிதாகத் தொடங்கிப் போகப்போகக் குறைக்கும் வழக்கத்துக்குக் காரணங்களில் இது ஒன்று. இழப்பு பல சுற்றுகளாக ஒரே மட்டத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது எட்டைப் பத்தில் ஒன்றாக்கிப் பாருங்கள். சட்டென்று ஒரு படி இறங்கினால், அதுவரை அடித்தளத்துக்கு மேலே குதித்துக்கொண்டிருந்தோம் என்று பொருள்.

அடுத்தது கட்டு. சரிவைச் சரியாக அறிய 50,000 படங்களையும் பார்க்க வேண்டும். அவ்வளவுக்கும் பொறுமையில்லாமல் 50 படத்தைப் பார்த்து ஓர் உத்தேசம் போடுகிறோம். அந்த உத்தேசத்தில் பிழை இருக்கும். கட்டை நான்கு மடங்காக்கினால் பிழை நான்கில் ஒன்றாவதில்லை, பாதிதான் குறையும். நான்கு பங்கு உழைப்புக்குப் பாதிப் பலன் என்பதால் பெரிய கட்டு எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. ஜிபியு சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காகக் கட்டைப் பெருக்குகிறோம் என்பதே பெரும்பாலும் உண்மை.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான். 50 படக் கட்டு என்றால் ஒரு சுற்றில் 1,000 எட்டு. 500 படக் கட்டு என்றால் 100 எட்டுதான். "இரண்டுக்கும் 30 சுற்றுக் கொடுத்தேன், பெரிய கட்டு தோற்றது" என்று எழுதுகிறோம். ஒன்று 30,000 எட்டு நடந்தது, மற்றது 3,000. தோற்றது கட்டா, நடை போதாமையா என்று அந்த ஒப்பீட்டிலிருந்து எப்படிச் சொல்வது? கட்டைப் பெருக்கினால் எட்டையும் அதே விகிதத்தில் பெருக்கிப் பார்ப்பது ஒரு நடைமுறை. 2017இல் பேஸ்புக் ஆய்வாளர்கள் 256 ஜிபியுக்களில் இமேஜ்நெட் பயிற்சியை ஒரு மணி நேரத்தில் முடித்தது அப்படித்தான். 256 படக் கட்டுக்கு 0.1 ஆக இருந்த எட்டை, 8,192 படக் கட்டுக்கு 3.2 ஆக்கினார்கள். எடுத்த எடுப்பில் 3.2 வைக்கவில்லை. முதல் ஐந்து சுற்றுகளில் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். அதற்கு மேலும் கட்டைப் பெருக்கியபோது துல்லியம் சரிந்தது. ஆக, இந்த விகிதக் கணக்குக்கும் எல்லை உண்டு.

கட்டில் இன்னொரு பொறி. படங்கள் கோப்புறையில் அகர வரிசையில் கிடக்கும். கலைக்காமல் கொடுத்தால் பல கட்டுகள் தொடர்ந்து வெறும் 'அ'. வலையமைப்பு பார்ப்பதையெல்லாம் 'அ' என்று சொல்லப் பழகும், இழப்பு இறங்கும். 'ஆ' வந்ததும் எகிறும், மறுபடி இறங்கும். இழப்பு வரைபடம் அரம்போலப் பல் பல்லாகத் தெரிந்தால், எட்டைத் தொடும் முன் படங்களைக் கலைத்தோமா என்று பாருங்கள்.

மூன்றாவது சுற்று. தொடக்கச் சுற்றுகளில் பொது வடிவங்கள் பிடிபடும். பிறகு ணகரமும் னகரமும் பிரியும், எகரமும் ஏகாரமும் பிரியும். அதற்கப்பால் வலையமைப்பு எழுத்தை விட்டுவிட்டு எழுதியவர் கையை மனப்பாடம் செய்யத் தொடங்கும். பயிற்சி இழப்பு இறங்கிக்கொண்டே போக, ஒதுக்கி வைத்த படங்களின் இழப்பு நின்று, பிறகு ஏறும். ஏறத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

அந்த இடம் கண்ணில் படவேண்டுமானால் ஒதுக்கியது உண்மையிலேயே ஒதுக்கியதாக இருக்க வேண்டும். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். படங்களை எல்லாம் கலந்து ஐந்தில் ஒன்றை எடுத்து வைத்தேன். ஒரே ஆள் எழுதிய 'ழ' இரண்டு பக்கமும் இருந்தது. எத்தனை சுற்று ஓட்டினாலும் இழப்பு ஏறவே இல்லை, நானும் மகிழ்ந்து போனேன். பிறகு புதியவர் ஒருவர் எழுதித் தந்த தாளைக் கொடுத்தபோது திணறியது. படங்களைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரித்து மறுபடி ஓட்டியபோதுதான், பல சுற்றுகளுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்று தெரிந்தது.

ஆகவே கட்டுரை படிக்க வருவோருக்கு ஒரு வேண்டுகோள். துல்லியத்தைச் சொல்லும் முன், எட்டு எவ்வளவு, அதை எப்போது குறைத்தீர்கள், கட்டில் எத்தனை படம், மொத்தம் எத்தனை எட்டு நடந்தீர்கள், ஒதுக்கிய படங்களை எழுதியவர்கள் பயிற்சியில் இருந்தார்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத்தை அமர்வு நேரத்தில் கழிக்க மாட்டேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.