மூன்று சொல்லும் ஒரு உயிரும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியர் சார்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் தமிழ்த்தினப் போட்டிக்காக நாம் மேடையேறிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். "மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்து, முக்கியமானதைத் திரும்பச் சொல்" என்று ஆசிரியை சொல்வார். பரிசுக்காகத்தான் அதைக் கற்றோம். வைத்தியர்களான பிறகு, நோயாளிக்கு மருந்து போய்ச் சேர்வதற்கு முன்பே அது தேவைப்படும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சில வருடங்களுக்கு முன் குச்சவெளிப் பக்கத்துக் கிராமமொன்றில் பாம்புக்கடி பற்றிக் கூட்டம் வைத்தோம். வயல் வெட்டுக் காலம். பதினொரு அறிவுரைகள் அடங்கிய துண்டுப்பிரசுரம் கொடுத்து, ஒவ்வொன்றாக விளக்கினோம். எல்லோரும் தலையாட்டினார்கள், கை தட்டினார்கள். இரண்டு கிழமை கழித்து ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். கடித்தது கண்ணாடி விரியன். முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது, கடிவாயைப் பிளேட்டால் கீறியிருந்தது, நேரமும் போயிருந்தது. பையன் பிழைத்தான், ஆனால் இரண்டு விரல்களை இழந்தான். அவனுடைய தாய் எங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர். துண்டுப்பிரசுரத்தை மடித்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தத் தாயில் பிழை இல்லை. பயத்தில் கை நடுங்குகிற நேரத்தில் எவரும் பெட்டியைத் திறந்து வாசிப்பதில்லை. வாயில் தானாக வருவதைத்தான் செய்வார்கள். எங்கள் பேச்சில் தானாக வாயில் வரக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

எந்தப் பேச்சு வாயில் தங்குகிறது என்று தேடினோம். அறிஞர் அண்ணா தம் தொண்டர்களுக்குத் தந்த "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியும். அதில் மூன்று வேலைகள் நடக்கின்றன. மூன்று சொல்லும் 'க'வில் தொடங்குகின்றன. நாம் யாப்பில் படித்த மோனைதான் அது. முதற்சொல்லைப் பிடித்தால் மற்ற இரண்டும் பின்னால் வரும். அடுத்து, எழுத்தை எண்ணிப் பாருங்கள்: 3, 5, 6. சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிகிறது. "கட்டுப்பாடு, கண்ணியம், கடமை" என்று புரட்டிச் சொல்லிப் பாருங்கள், குரல் இறங்கிப் போகும், கேட்பவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருப்பார். கடைசியாக, அது மூன்றோடு நிற்கிறது. இரண்டு சொன்னால் வெறும் சோடி. மூன்றாவதில்தான் வரிசை முடிந்தது என்று காதுக்குத் தெரிகிறது.

நான்கானால் என்ன ஆகும்? 1940 மே 13ஆம் திகதி, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் பாராளுமன்றத்தில் இரத்தம், கடும் உழைப்பு, கண்ணீர், வியர்வை என்று நான்கைத் தருவதாகச் சொன்னார். சனங்களின் வாயில் அது இரத்தம், வியர்வை, கண்ணீர் என்று மூன்றாகிவிட்டது. உழைப்பு உதிர்ந்து போனது. பேசுபவர் தெரிவு செய்யாவிட்டால் கேட்பவர் தெரிவு செய்வார். சேர்ச்சிலுக்கு அதனால் நட்டமில்லை. எங்களுக்கு, உதிர்கிற ஒரு சொல் ஒரு காலாக இருக்கலாம்.

ஆகவே பதினொன்றையும் மேசையில் போட்டு, எந்தப் பிழையால் அதிகம் கெடுகிறது என்று பார்த்து மூன்றை மட்டும் எடுத்தோம். முதலில் "கட்டாதே, கத்தியால் கீறாதே, காத்திராதே" என்று வைத்தோம். சொல்லிப் பார்த்த தாதிமார் நடுச்சொல்லில் தடுக்கினார்கள். கத்தியை எடுத்துவிட்டு, சிறியதை முன்னுக்கு வைத்தோம்: "கீறாதே, கட்டாதே, காத்திராதே." எழுத்து 3, 4, 5. நாக்கு தடுக்கவில்லை.

கூட்டத்தில் அதை மூன்று தரம் சொல்கிறோம். தொடக்கத்தில் வெறுமனே ஒரு தரம். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம். கீறாதே, ஏனென்றால் கண்ணாடி விரியன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது, கீறிய இடம் நிற்காமல் வடியும். கட்டாதே, ஏனென்றால் இறுக்கிய கட்டு இரத்த ஓட்டத்தை நிறுத்தித் தசையை அழுகச் செய்யும். காத்திராதே, ஏனென்றால் கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியும் இராது, வீக்கமும் இராது. ஒன்றுமில்லை என்று படுத்தவருக்குச் சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சுத் தசை தளரும். ஒவ்வொரு காரணமும் முடியும்போது அந்தச் சொல்லை மட்டும் திரும்பச் சொல்லி ஒரு மூச்சு நிறுத்துகிறோம். கடைசித் தரம் நாங்கள் சொல்வதில்லை. "கீறாதே" என்று தொடங்கிவிட்டுப் பேசாமல் நிற்போம். சபை முடித்து வைத்தால் வேலை நடந்திருக்கிறது. முணுமுணுப்பு மட்டும் வந்தால் எங்கள் பேச்சு நீண்டுவிட்டது என்று பொருள். பெரியவர்கள் இருக்கும் சபையில் "கீறாதீங்க, கட்டாதீங்க" என்றுதான் சொல்வோம். மரியாதை குறைந்தால் மோனை உதவாது.

இதிலும் ஒரு ஓட்டை இருந்தது. ஒரு கூட்டத்தின் முடிவில் வயதான தாய் ஒருவர் எழும்பி, "மகள், செய்யாதே செய்யாதே எண்டு மூண்டு சொல்லிப்போட்டியள். அப்ப என்னதான் செய்யிறது?" என்று கேட்டார். எங்களுக்குச் சுருக்கென்றது. தடையை மட்டும் கேட்டவர், கை வெறுமையாக நிற்பார், வெறுங்கை மறுபடி கயிற்றைத் தேடும். நான்காவது சொல்லாக எதையும் ஒட்டவில்லை, ஒட்டினால் உதிரும். பதிலாக, தனியாக ஒரு சோடி வைத்தோம்: "அசையாமல் கிடத்து, அவசரமாய் அனுப்பு." கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்து, 1990க்கு அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ வைத்தியசாலைக்கு. மூன்று தடை, இரண்டு செயல். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. மற்றவை துண்டுப்பிரசுரத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் எங்கள் தொழிலுக்கு அழகில்லை. ஓசை, உண்மைக்கு மட்டும் உதவுவதில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், அறிமுகமில்லாத பழமொழிகளை ஒரு சாராருக்கு எதுகை இயைபோடும், மறு சாராருக்கு அதே கருத்தை ஓசையில்லாமலும் கொடுத்தார்கள். ஓசையோடு இருந்ததையே மக்கள் கூடுதல் உண்மையென்று மதித்தார்கள். "இயற்கை, இலகு, இன்சுலின் வேண்டாம்" என்று ஒரு போத்தலில் ஒட்டினாலும் காதுக்கு அதே இனிமைதான். நீரிழிவுக்காரர் அதை நம்பி ஊசியை நிறுத்தினால் முடிவு என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு வரி வாயில் இனித்தால் அதை ஒரு தரம் ஓசையில்லாமல் சொல்லிப் பார்க்கிறோம். "பாம்பு கடித்தால் காயத்தை வெட்டக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, தாமதிக்கக்கூடாது." அழகு போய்விட்டது, காரணம் அப்படியே நிற்கிறது. அப்படி நின்றால் மட்டும் மோனையைத் திரும்பப் பூட்டுகிறோம். ஓசை போனதும் விழுந்துவிடுகிற வரியை, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும், விட்டுவிடுகிறோம்.

போன வெட்டுக்காலத்தில் புல்மோட்டை வீதியால் ஒரு முச்சக்கரவண்டி வந்தது. உள்ளே ஒரு சிறுமி, காலைப் பலகையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகச் சுற்றியிருந்தது. கீறல் இல்லை, கயிறு இல்லை, கடித்து முக்கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம். கூட வந்த தம்பி, எட்டு வயதிருக்கும், மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொன்னான். அவன் எங்கள் கூட்டத்துக்கு வந்தவனல்ல. யாரோ சொல்லக் கேட்டிருக்கிறான்.

மூச்சு விடுகிற இடத்தில் நிறுத்தக் கற்றுத் தந்த ஆசிரியைகளுக்கு எங்கள் வணக்கம்.