5.13 எந்தக் கரைசலுக்கு?

ஆசிரிய நண்பர்களே, உப்பு நீராற்பகுத்தலில் ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம்: 0.1 M சோடியம் அசிட்டேட் கரைசலின் pH. வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் முன், கரைசல் அமிலமா காரமா என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். சோடியம் அயனி நீரோடு வினைபுரியாது. வலிமை குறைந்த அமிலத்திலிருந்து வந்த அசிட்டேட் அயனியோ நீரிடமிருந்து புரோட்டானைப் பெற்று, OH⁻ அயனியைத் தருகிறது. ஆகவே காரம், pH 7-க்கு மேல். இதை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

இனி கணக்கு. அசிட்டிக் அமிலத்தின் Ka = 1.8 × 10⁻⁵.

Kh = Kw/Ka = 5.6 × 10⁻¹⁰

இதை 0.1 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் [OH⁻] = 7.5 × 10⁻⁶ M. அதன் எதிர்க்குறி மடக்கை 5.13.

பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். இது pOH. 14-இலிருந்து கழித்தால்தான் pH = 8.87. ஓரத்தில் 'காரம்' என்று எழுதியவருக்கு 5.13 உறுத்தும்.

அடுத்து 0.1 M அம்மோனியம் குளோரைடு கொடுங்கள். அம்மோனியாவின் Kb மதிப்பும் 1.8 × 10⁻⁵ தான். எனவே அதே 5.13 வரும். ஆனால் அம்மோனியம் அயனி நீருக்குப் புரோட்டானைக் கொடுத்து H₃O⁺ உண்டாக்குவதால், அங்கே அதுவே pH. தேர்வில் இவ்விரண்டையும் நான் அடுத்தடுத்தே கேட்பேன். வாய்பாட்டை மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டுக்கும் ஒரே விடை எழுதியிருப்பார்.