தடை போட்ட பிறகு பசங்க எந்தக் கடைக்குப் போறாங்க?

(வேப்பம்பட்டில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை, தகவல் துறையில் எழுதுகிற வேலை. அதனால் புற்றுநோய்ப் படம் காட்டிப் பயமுறுத்த வரவில்லை. அந்தப் படம் பாக்கெட்டிலேயே இருக்கு, அதைப் பார்த்துட்டேதான் வாங்குறாங்க.

நான் உள்ளே வரும்போது வாசலில் ஒரு அம்மா கேட்டார்கள்: "வேப் தடைன்னு சொல்றீங்க, குட்கா தடைன்னு சொல்றீங்க. அப்புறம் என் பையன் கிளாஸ்ல மட்டும் எப்படிப்பா வருது?" நான் தயார் பண்ணிக்கொண்டு வந்த பேச்சைவிட இந்தக் கேள்வி நல்லா இருந்தது. அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில், நறுமணம், ருசி சேர்ப்பது எதற்கு என்று பார்ப்போம். நிகோடின் தனியாக வாயில் பட்டால் கசக்கும், எரியும். முதல் முறை புகை இழுக்கிறவன் இருமித் தள்ளிவிடுவான். சிலர் அதோடு விட்டுவிடுவார்கள். புதினா, மெந்தால் சேர்த்தால் தொண்டையில் ஒரு குளிர்ச்சி வருகிறது, எரிச்சல் தெரிவதில்லை. மாம்பழம், ஸ்ட்ராபெரி வாசனை வேப்பில் வேலை செய்வதும் இப்படித்தான். ஏற்கெனவே பழகியவருக்கு ருசி ஒரு கூடுதல் சுகம். முதல் முறை தொடுகிற 13 வயதுப் பையனுக்கு அதுதான் கதவே. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் வைக்கிற குட்டிப் பை ஒன்று வருகிறதே, அதில் இன்னொரு வசதியும் உண்டு. துப்ப வேண்டாம். வாயில் சூயிங்கம் வாசனைதான் வரும். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது டீச்சருக்கும் தெரியாது, வீட்டில் உங்களுக்கும் தெரியாது.

சரி, அந்த ருசியைத் தடை செய்தால் பசங்க குறைவாகத் தொடுகிறார்களா? இதை நன்றாக அளந்து பார்த்த இடம் அமெரிக்கா. அங்கே 2009 செப்டம்பரில் சாக்லேட், கிராம்பு, பழ ருசி சிகரெட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தார்கள். ஆனால் மெந்தால் சிகரெட்டை விட்டுவிட்டார்கள். சுருட்டையும் பைப் புகையிலையையும் தொடவில்லை.

பள்ளி மாணவர்களிடம் 1999 முதல் 2013 வரை எடுத்த தேசிய சர்வேயை வைத்து மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். முடிவு 2017ல் வெளிவந்தது. தடைக்குப் பிறகு ஒரு மாணவர் சிகரெட் பிடிப்பவராக இருக்கும் வாய்ப்பு 17 சதவீதம் குறைந்தது. தொடர்ந்து பிடித்தவர்களும் எண்ணிக்கையில் 58 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள். இதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டலாம். ஆனால் அதே கணக்கில் மெந்தால் சிகரெட் பிடிக்கும் வாய்ப்பு 45 சதவீதம் ஏறியிருந்தது. சுருட்டு 34 சதவீதம், பைப் 55 சதவீதம் ஏறியிருந்தது. ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்து, ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைத் தொடும் வாய்ப்பு எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், 6 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும், 17ஐயும் 6ஐயும், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தடை வேலை செய்தது. ஆனால் அதன் பலனில் பெரும்பகுதி தடை செய்யாமல் விட்ட பக்கத்து அலமாரியில் கரைந்துபோனது. 17 கிடைக்க வேண்டிய இடத்தில் 6 கிடைத்ததற்கு, மெந்தாலை விட்ட அந்த ஒரு வரிதான் முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

பத்து வருஷத்துக்கு மேல் கழித்து அதே தவறு இன்னொரு தடவை நடந்தது. 2020 பிப்ரவரியில், கார்ட்ரிட்ஜ் மாற்றிப் போடுகிற வேப்களில் பழ ருசி, புதினா ருசிக்கு அமெரிக்க அரசு தடை போட்டது. ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற வேப்களுக்கு அந்தத் தடை இல்லை. 2019ல் வேப் பிடிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 2.4 சதவீதம் பேர்தான் அந்தத் தூக்கிப் போடும் வகையைப் பயன்படுத்தினார்கள். 2020ல் அது 26.5 சதவீதம். பசங்களுக்கு நோட்டிஸ் யாரும் படித்துக் காட்டவில்லை, அவங்களே கண்டுபிடித்துட்டாங்க.

மாறாக நியூயார்க் நகரம் செய்ததைப் பாருங்கள். அங்கே 2010ல் சுருட்டு, வாயில் போடும் புகையிலை என்று மற்றவற்றின் ருசிகளையும் தடைக்குள் கொண்டுவந்து, கடை கடையாக அமல்படுத்தினார்கள். ருசி சேர்த்த புகையிலை விற்பனை 87 சதவீதம் விழுந்தது. 2010ஐ ஒப்பிட 2013ல் பதின்வயதினர் ருசிப் புகையிலையைத் தொட்டுப் பார்த்திருப்பதும், எந்தப் புகையிலையையும் பயன்படுத்துவதும் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த வருஷங்களில் அமெரிக்கா முழுக்கவே மாணவர்களிடம் சிகரெட் குறைந்துகொண்டுதான் இருந்தது, ஆகவே பெருமை முழுவதையும் சட்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் ஓட்டைகள் குறைவாக இருந்தால் பலன் கூடுகிறது என்பது இதில் தெரிகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ஒரு செய்தி வரலாம்: "சான் பிரான்சிஸ்கோவில் ருசித் தடை போட்டதும் மாணவர்கள் மறுபடி சிகரெட்டுக்குப் போனார்கள்." 2021ல் ஒரு மருத்துவ இதழில் அப்படி ஒரு ஆய்வு வந்தது உண்மை. பிறகு வேறு ஆய்வாளர்கள் தேதிகளைச் சரிபார்த்தார்கள். சட்டம் 2018லேயே வந்துவிட்டது. ஆனால் கடைகளில் அமல்படுத்தத் தொடங்கியது 2019 ஜனவரி 1. மாணவர்களிடம் சர்வே எடுத்ததோ 2018 கடைசி மாதங்களில். அதாவது கடையில் சரக்கு இருந்த காலத்து எண்ணை எடுத்து, தடையின் விளைவு என்று எழுதிவிட்டார்கள். ஒரு தடை பலித்ததா, தோற்றதா என்று யார் சொன்னாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அமலுக்கு வந்தது எப்போது, கணக்கெடுத்தது எப்போது?

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். மூன்று பொருளுக்கு மூன்று விதமான சட்டம்.

வேப்பில் நம் சட்டம் அமெரிக்காவைவிடக் கடுமையானது. தமிழ்நாடு 2018லேயே தடை செய்தது. 2019 செப்டம்பரில் மத்திய அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். ருசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா வகையும் தடை. விற்றால் முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்தும் பையனுக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. இதைப் பெற்றோர்கள் தெரிஞ்சுக்கணும். "போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடும்" என்று பயந்து மறைக்க வேண்டிய அவசியம் கிடையாது. இந்தத் தடையின் ஓட்டை சட்டத்தில் இல்லை. கூரியரில் வருகிற பார்சலிலும், ஃபோனில் வருகிற மெசேஜிலும் இருக்கிறது.

2019 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாடு முழுக்க 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த சர்வேயில், 2.8 சதவீதம் பேர் எப்போதாவது வேப் தொட்டிருக்கிறார்கள். இது மத்தியத் தடைக்கு முந்தைய எண். இதை எடுத்துக்காட்டி "தடை வந்தும் இத்தனை பேர்" என்று யாராவது எழுதினால், மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோ தப்புதான் அதுவும். அதே சர்வேயில் ஏதோ ஒரு புகையிலையைத் தற்போது பயன்படுத்துபவர்கள் 8.5 சதவீதம். பத்து வருஷத்துக்கு முன் 14.6ஆக இருந்தது.

இரண்டாவது, குட்காவும் மெல்லும் புகையிலையும். 2013 மே மாதம் தமிழ்நாடு தடை செய்தது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அந்தப் பிரிவில் ஒரு தடவைக்கு ஒரு வருஷம்தான் தடை போடலாம். அதனால் வருஷா வருஷம் புதுப்பித்து வந்தார்கள். அப்படித் தொடர்ந்து புதுப்பிக்க ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. தடை தொடர்ந்தது. ஆனால் வியாபாரம் சும்மா இருக்கவில்லை. குட்கா என்பது பாக்கு, புகையிலை கலந்த பொருள். கலந்தால்தானே தடை? நாட்டின் பல பகுதிகளில் புகையிலை இல்லாத பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை இன்னொரு பாக்கெட் என்று ஜோடியாகத் தொங்கவிட்டார்கள். கலக்கும் வேலையை வாங்குகிறவர் கையில் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் மெந்தால் செய்த வேலையை இங்கே இந்த ஜோடிப் பாக்கெட் செய்தது.

அடுத்து அந்தக் குட்டிப் பை. 2024 செப்டம்பரில் மதுரைக் கிளை நீதிபதி ஒருவர் 'கூல் லிப்' பற்றி நேராகவே கேட்டார்: மாணவர்கள் இதற்கு அடிமையாகிறார்கள், இதைப் பாதுகாப்பற்ற உணவு என்று நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது? தமிழ்நாட்டில் தடை, வேறு மாநிலத்தில் உற்பத்தி என்பதுதான் அங்கே சிக்கல். ஒரு மாநிலம் மட்டும் தடை போட்டால் சரக்கு ரயிலிலும் லாரியிலும் வரும். நம்ம ஸ்டேஷன் வழியாக ஒரு நாளைக்கு எத்தனை ரயில் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவதைத்தான் யாரும் பேசுவதில்லை. மெந்தால் சிகரெட், நுனியில் நசுக்கினால் வாசனை வருகிற கேப்ஸ்யூல் சிகரெட், இவற்றுக்கு இந்தியாவில் ருசித் தடை கிடையாது. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, அவ்வளவுதான். வேப் கதவை முழுசா மூடிட்டோம், குட்கா கதவைப் பாதி மூடியிருக்கோம், இந்தக் கதவு திறந்தே இருக்கு. அந்த 45 சதவீதம் ஏறியது எந்தப் பொருள் என்று ஞாபகம் இருக்கிறதா?

அந்த அம்மாவுக்கு என் பதில் இதுதான்: தடை இல்லாமல் வரவில்லை, தடைக்குப் பக்கத்தில் இருக்கிற சந்து வழியாக வருகிறது. அந்தச் சந்து எது என்று பார்த்துச் சொல்ல, அரசாங்கத்தைவிட உங்களுக்குத்தான் வசதி அதிகம்.

எப்படிச் சொல்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குட்கா, மெல்லும் புகையிலை, குட்டிப் பை எங்காவது விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். "ஸ்டேஷன் பக்கத்துக் கடை" என்று அனுப்பினால் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கடைப் பெயர், தெரு, எந்த நேரத்தில் விற்கிறார்கள், எங்கே ஒளித்து வைக்கிறார்கள், காலி உறையின் போட்டோ, இவை வேண்டும். உங்கள் பையனின் பெயரை எழுத வேண்டாம். வேப் என்றால் காவல் நிலையம். உதவி ஆய்வாளர் நிலையிலிருந்து மேலே உள்ளவர்களுக்குச் சோதனை போடும் அதிகாரம் உண்டு. கூரியர் பார்சல் வந்திருந்தால் அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் ஒட்டியிருக்கும் அனுப்புநர் லேபிள்தான் துப்பு.

பையன் ஏற்கெனவே பழகிவிட்டான் என்றால் முதலில் புகார் வேண்டாம். 1800 11 2356 என்ற இலவச எண்ணில் விடுபடுவதற்கான ஆலோசனை கொடுக்கிறார்கள். பென்சில் பாக்ஸில் ஒரு குட்டிப் பை கிடைத்தால் "யார் கொடுத்தா?" என்று அடுத்த நிமிஷமே கேட்காமல், "எப்போ இருந்து?" என்று கேளுங்கள். அதற்கு உண்மையான பதில் வந்துவிட்டால், கடை எது என்பது தானாக வந்துவிடும்.