கடலுக்குச் செல்லும் ஒரு வரி

இப்பேச்சை எழுதியவர்கள் நாங்கள் இருவர். ஒருவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ஒருமுறை கப்பலேறினால் ஆறு மாதங்கள் கழித்தே வீடு திரும்புபவர். மற்றவர் அவருடைய மனைவி. நவி மும்பையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வாசிக்கும் குரல் கரையில் இருப்பவருடையது. ஆயினும் சொல்லப்படுவது இருவரும் சேர்ந்து யோசித்ததாகையால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

கப்பலில் உள்ளவருக்கு நாள்தோறும் செய்தி அனுப்புவது இன்று எளிது. எங்கள் முன்னோர் காலத்தில் கப்பலுக்கு வானொலித் தந்திதான். அதற்கும் சொல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே அவர்கள் எண்ணிப் பார்த்து எழுதினார்கள். வாழ்த்துத் தந்தியிலோ வாசகத்தைக்கூட எழுத வேண்டியதில்லை. அச்சிட்ட பட்டியலில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டால் போதும், மறுமுனையில் வாழ்த்தாகப் போய்ச் சேரும். அந்தத் தந்தி 2013 ஜூலையில் நம் நாட்டில் நின்றுவிட்டது. இப்போது சொல்லுக்குக் காசில்லை. எங்களுக்கு வந்த தொல்லையெல்லாம் அதனால் வந்ததுதான் என்று சொல்லலாம்.

எங்கள் மணவாழ்வின் இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். கப்பல் சிங்கப்பூரிலிருந்து வெறுங்கப்பலாகப் புறப்பட்டு, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, பிரேசில் நாட்டின் சாண்டோஸ் துறைமுகத்திற்குச் சர்க்கரை ஏற்றச் சென்றது. ஏறக்குறைய ஒரு மாதப் பிரயாணம். இரண்டாம் வாரத்தில், நடு இந்துமாக்கடலில், கப்பலின் செயற்கைக்கோள் கருவி பழுதாகி மூன்று நாட்கள் தொடர்பு அற்றுப்போயிற்று. கரையில் இருப்பவருக்கு இது தெரியாது. முதல் நாள் மாலை, "எங்கே இருக்கிறீர்கள்?" என்று ஒரு செய்தி. இரவில், "சாப்பிட்டீர்களா? ஏன் பதில் இல்லை?" மறுநாள், "என் நினைவே இல்லையா?" இப்படியே பதினொரு செய்திகள். கடைசிச் செய்தி, "இனி நான் எழுதப்போவதில்லை" என்பது. கருவி சரியானபோது பதினொன்றும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தன. அவற்றை அவர் படித்தது விடியற்காலை நான்கு மணிக்கு, நான்கு மணி நேரம் காவல் நின்று இறங்கிய பிறகு. "எல்லாம் பார்த்தேன். நலமாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதிவிட்டுப் படுத்துவிட்டார். பதினொன்றுக்கு இரண்டே வாக்கியமா என்று கரையில் கோபம். படித்த பதினொன்றில் ஒன்றிலாவது ஒரு நல்ல வார்த்தை இருந்ததா என்று கடலில் கோபம். அந்தப் பிரயாணம் முழுவதும் எங்களிடையே பேச்சு சரியாக நடக்கவில்லை.

அவர் இறங்கி வந்த பிறகு இருவரும் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். வேடிக்கை என்னவென்றால், அதுவரை நாங்கள் அந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

இரண்டாம் அதிகாரிக்கு வழக்கமாகக் காவல் நேரம் பன்னிரண்டிலிருந்து நான்கு; பகலில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை. விடியற்காலை நான்கு மணிக்கு இறங்கியவர் முற்பகல்வரை உறங்குவார். மாலை நான்கு மணிக்கு இறங்கினால், வரைபடங்களைத் திருத்துவது முதலான வேலைகள் சற்று இருக்கும், பின்னர் சாப்பாடு, எட்டு மணிக்குள் மறுபடியும் படுத்தால்தான் நள்ளிரவில் எழ முடியும். ஆக, அவர் மனம்விட்டுப் பேசக்கூடிய நேரம் கப்பல் கடிகாரப்படி மாலை ஐந்திலிருந்து ஏழரைவரைதான். அந்தக் கடிகாரமோ நிலையாக இருப்பதில்லை. கப்பல் மேற்கே செல்லச் செல்ல, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து சாண்டோஸ் சேருமுன் பதினொரு முறை தள்ளியாக வேண்டும்.

இதை இந்திய நேரத்தில் பாருங்கள். சிங்கப்பூரில் அவருடைய அந்த இரண்டரை மணி நேரம் நமக்குப் பிற்பகல் இரண்டரையிலிருந்து ஐந்து. கரையில் இருப்பவர் வகுப்பிலோ மின்சார ரயிலின் நெரிசலிலோ இருக்கும் வேளை. தென்னாப்பிரிக்காவை ஒட்டி வரும்போது அதுவே இரவு எட்டரையிலிருந்து பதினொன்று. பேசுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சாண்டோஸில் அது நள்ளிரவு ஒன்றரையிலிருந்து நான்கு! ஆகவே ஒரு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்களே நிதானமாகப் பேச இடமுண்டு. மற்ற நாட்களில் ஒருவர் எழுதிவைத்ததை மற்றவர் பிறகு படிக்கலாம், அவ்வளவே. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது பேச்சுக்குரிய வழக்கம். அதை எழுதிவைக்கும் செய்தியில் புகுத்தியதுதான் எங்கள் பிழை.

அந்தக் காகிதத்தில் நாங்கள் எழுதிய முதல் ஏற்பாடு இது. கரையிலிருந்து நாளுக்கு ஒரு செய்தி. அதில் கேள்வி இராது. பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. கேட்பதற்கு எளிது. முதல் வாரத்தில் கரையில் இருப்பவர் எழுதிய ஒவ்வொன்றும் தானாகவே கேள்வியில் போய் முடிந்தது. "இன்று மழை. அங்கே எப்படி?" அந்த இரண்டாவது வாக்கியத்தை அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அழித்தபின் மிஞ்சிய "இன்று மழை" என்பது அனுப்பத் தகுதியானதாகத் தோன்றவில்லை. பிறகுதான் மழையைப் பற்றி இன்னும் ஒரு சொல் எழுத வேண்டும் என்று புரிந்தது. "இன்று மழையில் எதிர்வீட்டுப் பாட்டி போட்ட வடகம் அத்தனையும் நனைந்தது, நம் வீட்டு மின்விசிறியின் கீழ்தான் இப்போது காய்கிறது." இதற்குப் பதில் தேவையில்லை. ஆனால் நடுக்கடலில் படிப்பவருக்கு வடகத்தின் மணமும் தம் வீட்டு மின்விசிறியின் கடகட ஓசையும் ஒருங்கே வந்துவிடுகின்றன. "உங்களை நினைத்துக்கொண்டேன்" என்று நாள்தோறும் எழுதினால் பத்தாம் நாள் அது வெறும் முத்திரையாகிவிடும் என்பது கடலில் இருப்பவருடைய கருத்து. கரையில் இருப்பவருக்கு இதில் முழுச் சம்மதமில்லை. வாரத்துக்கு ஒருமுறை அதையும் எழுதத்தான் செய்கிறார்.

அடுத்தது, கைப்பேசியில் தோன்றும் அந்தச் சிறு குறிகள். வாட்ஸ்அப்பில் ஒற்றைக் குறி என்றால் செய்தி நம்மிடமிருந்து போய்விட்டது, அவருடைய கருவியை இன்னும் அடையவில்லை என்று பொருள். இரட்டைக் குறி வந்தால் சேர்ந்துவிட்டது. அது நீலமானால் படித்துவிட்டார். சேராத செய்தி முப்பது நாட்கள்வரை காத்திருக்கும். ஒற்றைக் குறியில் நிற்பது கப்பலின் தொடர்பைப் பற்றிய செய்தியேயன்றி, மனிதரின் மனத்தைப் பற்றிய செய்தியன்று. நீலக் குறியே தோன்றாதபடி இருவரும் நிறுத்திவைத்துவிட்டோம். "படித்துவிட்டு ஏன் எழுதவில்லை" என்னும் கேள்வி அதனோடு ஒழிந்தது.

இப்போது பல கப்பல்களில் தாழ்ந்த சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வழியாக வேகமான இணையம் வந்திருக்கிறது. கடல் தொழிலாளர் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தங்கள் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. இயன்றவரை மாலுமிகளுக்கு இணைய வசதி அளிக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஆயினும் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. எங்கள் கப்பலில் மாதத்துக்கு இவ்வளவு என்று பங்கீடு உண்டு. ஒருமுறை பள்ளி ஆண்டு விழாப் படங்கள் நாற்பதை ஒருசேர அனுப்பி, அவருடைய அம்மாதப் பங்கில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டோம். அதன்பின் வாரம் ஒரே ஒரு படம்.

துறைமுகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்பல் கரை சேர்ந்தால் தொடர்பு நன்றாயிருக்கும், ஆகவே அன்று நிறையப் பேசலாம் என்று வீடுகளில் எதிர்பார்க்கிறார்கள். நிலைமை நேர்மாறானது. வழிகாட்டி மாலுமி ஏறுவதும், சோதனை அதிகாரிகள் வருவதும், சரக்கு ஏற்றுவதுமாக, மாதத்தில் அவருக்கு உறக்கம் மிகக் குறைவாயுள்ள நாட்கள் அவைதாம். துறைமுக நாட்களில் நாங்கள் அனுப்பும் வரி மிகச் சிறியது: "வீட்டில் எல்லாம் நலம். தூங்குங்கள்."

இனி, எங்களுக்குச் சங்கடமாயிருந்த ஒரு விஷயம். இலேசான செய்தியே அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்த பிறகு, கரையில் இருப்பவர் எல்லாவற்றையும் மறைக்கத் தொடங்கினார். மகனுக்கு ஒரு வாரம் கடுமையான காய்ச்சல். அந்த ஏழு நாட்களிலும் வடகமும் மழையும் பற்றியே செய்தி போயிற்று. வீடு திரும்பியவரிடம் மகனே ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னான். அவர் கோபப்படவில்லை, "நான் இந்த வீட்டுக்கு விருந்தாளியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குக் கரையில் இருப்பவரிடம் பதில் இல்லை.

ஆகவே காகிதத்தில் இன்னும் சில வரிகள் சேர்ந்தன. கவலை தரும் செய்தி அன்றாட வரியில் போகாது, தனிச் செய்தியாகப் போகும், முழுமையாகப் போகும். என்ன நேர்ந்தது, மருத்துவர் என்ன சொன்னார், யார் உடன் இருக்கிறார்கள், அவர் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா என்பவை எல்லாம் அதில் இருக்கும். "உடனே கூப்பிடுங்கள்" என்று மட்டும் எழுதுவது கூடாது. அதைப் பார்த்துவிட்டு நான்கு மணி நேரம் இருட்டில் காவல் நிற்க வேண்டியவர் அவர். "அவசரம்" என்னும் சொல்லை மெய்யான அவசரத்திற்கன்றி எழுதுவதில்லை. இதுவரை இரண்டே முறை எழுதியிருக்கிறோம்.

விருந்தாளி என்ற சொல் எங்களை உறுத்தியதால், கேள்வியே கூடாது என்னும் விதியையும் சிறிது தளர்த்தினோம். வாரம் ஒரு கேள்வி உண்டு. ஆனால் அதற்குப் பல நாள் தவணை. "கூடத்துக்குப் பச்சைத் திரையா, பழுப்புத் திரையா? அடுத்த ஞாயிறுக்குள் சொன்னால் போதும்." பழுப்பு என்று ஐந்தாம் நாள் பதில் வந்தது. கரையில் இருப்பவருக்குப் பச்சைதான் பிடித்திருந்தது. பழுப்பே தொங்குகிறது.

கடலிலிருந்து வரும் வரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கப்பல் இருக்கும் இடத்தை எழுதக் கூடாத பகுதிகள் உண்டு. காவல் நேரத்தில் கைப்பேசியைத் தொடுவதில்லை. பல நாட்களுக்கு நீரும் வானும் தவிர எழுத எதுவுமில்லை. "சமையற்காரர் இன்று சாம்பார் என்று ஒன்று வைத்தார்" என்பதுபோல் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். அந்த "என்று ஒன்று" கரையில் இரண்டு நாள் சிரிப்புக்குப் போதுமானதாக இருக்கிறது.

இப்பேச்சை எழுதி முடித்த இன்று கப்பல் மறுபடியும் தென்னாப்பிரிக்காவை நெருங்கிக்கொண்டிருக்கிறது. இரவு எட்டரைக்குப் பேசலாம். காலையில் போன வரி இது: "உங்கள் மகன் இன்று பள்ளிக்கு இரண்டு காலுக்கும் வெவ்வேறு காலுறை அணிந்து போயிருக்கிறான்; நான் ரயிலில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது." ஒற்றைக் குறியில் நிற்கிறது.