காற்றுப்பையும் காப்பீடும்
தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுச்சாலை வளைவில் ஒரு கார் பாறையில் மோதினால், பார்வைக்கு நசுங்குவது பம்பர்தான். பில் ஏறுவது உள்ளே. ஒருமுறை விரிந்த காற்றுப்பையை மடித்து மறுபடி வைக்க முடியாது. பயணி பக்கத்துப் பை டேஷ்போர்டைப் பிளந்துகொண்டு வரும், அதுவும் போச்சு. இழுத்துப் பிடித்த சீட் பெல்ட்டையும், பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருந்தால், புதுக் கண்ணாடி பொருத்தியபின் அதன் பார்வைக்கோணத்தைக் கருவி வைத்துச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் கூலி.

இந்தியாவின் வழக்கமான முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. பிளாஸ்டிக், பேட்டரி, காற்றுப்பை ஆகியவற்றுக்கு, கார் புதியதானாலும், பாதி கழியும். 20,000 ரூபாய்ப் பை என்றால் 10,000 உரிமையாளர் தலையில். பம்பரும் பிளாஸ்டிக்தான் என்பது பலருக்கு அப்போதுதான் உறைக்கும். கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் இந்தக் கழிவு பெரும்பாலும் இல்லை. கட்டாயப் பிடித்தம் மட்டும் உண்டு.

மோதலில் உடைந்த சென்சாருக்குக் காப்பீடு உண்டு. தானாகப் பழுதான சென்சாருக்குக் கிடையாது. அது வாரண்டியின் கணக்கு.